வேலையை விடும்போது கையெழுத்துக்கு வரும் இறுதிக் கணக்கு: ஒரு சுன்னாகத்துக் காசாளரின் கணக்கைப் பிரித்துப் பார்த்தல்

தனியார் நிறுவனமொன்றில் பல ஆண்டுகள் சம்பளப் பட்டியல் தயாரித்தவன் என்ற வகையில், வேலையை விட்டுப் போகிறவர்களின் இறுதிக் கணக்கு எப்படி எழுதப்படுகிறது என்பதை மேசைக்கு உட்பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். வெளியில் நிற்பவருக்கு அந்தத் தாளில் ஒரேயொரு தொகைதான் கண்ணில் படும். அதற்குக் கீழே "எனக்கு வரவேண்டிய சகல கொடுப்பனவுகளையும் முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன்" என்றொரு வரியும், கையெழுத்துக்கு ஒரு கோடும் இருக்கும். அந்தத் தொகைக்குள் வெவ்வேறு சட்டங்களின் கீழ் வரும் வெவ்வேறு பணங்கள் கலந்து கிடக்கின்றன. அவற்றுள் மிகப் பெரியது பெரும்பாலும் அந்தத் தாளில் எழுதப்படுவதே இல்லை. அது எது, ஏன் விடுபடுகிறது என்பதைத்தான் இங்கே ஒரு உதாரணத்தைக் கொண்டு விளக்கப் போகிறேன்.

யாழ்ப்பாண நகரிலும் சுன்னாகத்திலும் நெல்லியடியிலும் கடை வைத்திருக்கும் ஒரு வியாபார நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று கடைகளிலும் சேர்த்து 22 பேர் வேலை செய்கிறார்கள். சுன்னாகக் கடையின் காசாளர் 34 வயதுப் பெண். 2018 மார்ச் 1ஆம் திகதி வேலைக்குச் சேர்ந்தவர். அடிப்படைச் சம்பளம் மாதம் 45,000 ரூபா, ஒழுங்கான வரவுக்கு மேலும் 5,000 ரூபா. வியாபாரம் குறைந்துவிட்டதால் 2025 ஒக்டோபர் முடிவோடு சுன்னாகக் கடையை மூடுவதென்று முதலாளி தீர்மானிக்கிறார். மாத நடுவில் முகாமையாளர் அவரைக் கூப்பிட்டு, "தங்கச்சி, சொந்தக் காரணத்தால விலகிறன் எண்டு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ, காசை ஒரேயடியா உடன தாறம்" என்கிறார். பேச்சில் குரோதம் எதுவும் இல்லை, தேநீரும் வருகிறது. கூடவே ஒரு கணக்குத் தாளும் வருகிறது. அதில் ஒக்டோபர் மாதச் சம்பளம் 50,000, அதிலிருந்து ஊழியர் சேமலாப நிதிக்குக் கழிவு 3,600, பணிக்கொடை 157,500, நல்லெண்ணக் கொடுப்பனவாக ஒரு மாதச் சம்பளம் 45,000, பெற்றிருந்த முற்பணத்துக்குக் கழிவு 20,000, ஆக மொத்தம் 228,900 ரூபா என்று எழுதப்பட்டிருக்கிறது.

இரண்டு இலட்சத்துக்கு மேல் ஒரே தடவையில் கைக்கு வருகிறது என்றால் கையெழுத்து வைக்கவே பலருக்கும் மனம் உந்தும். ஆனால் கணக்குக்கு முன்னால் அந்த விலகல் கடிதத்தைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

முதலில்: விலகுகிறீர்களா, விலக்கப்படுகிறீர்களா

இரண்டும் சட்டத்தின் முன் வேறு வேறானவை. தானாக விலகுபவருக்கு மிகுதிச் சம்பளமும், எடுக்காத வருடாந்த லீவுக்கான பணமும், தகுதி இருந்தால் பணிக்கொடையும் வரும். இழப்பீடு என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. முதலாளியின் தீர்மானத்தால், ஊழியரின் குற்றம் எதுவும் இல்லாமல், வேலை இல்லாமற் போகும்போதுதான் இழப்பீடு வருகிறது. அதை ஆள்வது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க, ஊழியர்களின் தொழிலை முடிவுறுத்தல் தொடர்பான சட்டம். அந்தச் சட்டத்தின்படி, ஒழுக்காற்று நடவடிக்கை தவிர்ந்த வேறெந்தக் காரணத்துக்காகவும் ஒருவரை நிறுத்துவதாயின், அந்த ஊழியரின் எழுத்துமூலச் சம்மதம் முன்கூட்டியே இருக்க வேண்டும். அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி முன்கூட்டியே இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் நிறுத்தினால் அந்த நிறுத்தம் சட்டப்படி செல்லாது. வியாபாரம் நட்டத்தில் போவது, கடையை மூடுவது, ஆட்களைக் குறைப்பது எல்லாம் இந்தச் சட்டத்துக்குள்தான் வரும்.

முகாமையாளர் கேட்ட கடிதத்தின் பெறுமதி இப்போது விளங்கும். அனுமதி கேட்டு ஆணையாளர் நாயகத்திடம் போனால் விசாரணை நடக்கும், இழப்பீட்டுத் தொகையும் ஒரு சூத்திரத்தின்படி தீர்மானிக்கப்படும். ஊழியரே விலகல் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டால் இவை எதற்கும் தேவை இல்லை. ஒரு பக்கக் கடிதத்தால் முதலாளிக்கு மிச்சமாகும் தொகை எவ்வளவு என்பதைச் சற்றுப் பின்னால் கணக்கிட்டுக் காட்டுகிறேன்.

இந்தப் பாதுகாப்பு எல்லோருக்கும் கிடையாது. நிறுத்தம் கோரப்படும் மாதத்துக்கு முந்திய ஆறு மாதங்களில் சராசரியாக 15 பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஊழியரும் முந்திய 12 மாதங்களில் குறைந்தது 180 நாட்கள் வேலை செய்திருக்க வேண்டும். இங்கே பலர் தடுமாறுவது தலை எண்ணும் இடத்தில்தான். சுன்னாகக் கடையில் ஆறு பேர்தானே, எங்களுக்கு இது பொருந்தாது என்று அவர்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். எண்ண வேண்டியது கடையின் ஆட்களை அல்ல, முதலாளியின் ஆட்களை. மூன்று கடையும் ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தால் 22 பேரும் கணக்கில் சேர்வார்கள். நியமனக் கடிதத்தின் தலைப்பிலும், சேமலாப நிதிப் பதிவிலும் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்று பார்த்தால் இது தெரிந்துவிடும். ஒவ்வொரு கடையையும் வெவ்வேறு பெயரில், மனைவி பெயரிலும் மகன் பெயரிலும் பதிந்து வைத்திருப்பவர்கள் நம்மூரில் குறைவில்லை. அப்படியான சந்தர்ப்பத்தில் உண்மையில் யார் முதலாளி என்பதே தர்க்கமாக மாறும், அதற்கு ஒரு சட்டத்தரணியின் உதவி வேண்டியிருக்கும்.

எனவே முதற்படி, அன்றைக்கே எதிலும் கையெழுத்து வைக்காமல் இருப்பது. "யோசித்துவிட்டுச் சொல்கிறேன், தாளின் பிரதியைத் தாருங்கள்" என்று கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. தாள் ஆங்கிலத்தில் இருந்தால், அதை வீட்டுக்குக் கொண்டுபோய் விளங்கிக்கொள்ளும் வரை கையெழுத்துப் பேச்சே இருக்கக்கூடாது.

வேலைக்குப் போவதை நிறுத்த வேண்டாம்

கடிதம் தர மறுத்த பிறகு நடக்கக்கூடியதைத் தெரிந்திருக்க வேண்டும். சில இடங்களில் "சரி, நாளையிலயிருந்து வர வேண்டாம்" என்று வாயால் சொல்லிவிடுவார்கள். கோபத்திலும் வெட்கத்திலும் ஊழியர் வீட்டில் இருந்துவிடுவார். இரண்டு வாரம் கழித்து, "நீர் அறிவித்தல் இன்றிப் பணிக்குச் சமுகமளிக்கவில்லை, எனவே பதவியைக் கைவிட்டுச் சென்றவராகக் கருதுகிறோம்" என்று ஒரு பதிவுத் தபால் வரும். அதோடு வழக்கின் முகமே மாறிவிடும். தாங்கள் நிறுத்தவே இல்லை, இவர்தான் வராமல் விட்டார் என்று முதலாளி சொல்லும்போது, நிறுத்தப்பட்டேன் என்பதை நிரூபிக்க வேண்டிய பாரம் ஊழியரின் தலையில் வந்து விழும்.

ஆகவே எழுத்தில் நிறுத்தற் கடிதம் கைக்கு வரும்வரை வழக்கமான நேரத்துக்கு வேலைக்குப் போக வேண்டும். வாசலில் தடுத்துத் திருப்பி அனுப்பினால், அன்றைக்கே ஒரு சிறிய கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும்: இன்ன திகதி, இத்தனை மணிக்கு நான் வேலைக்கு வந்தேன், இன்ன பதவியில் இருப்பவர் வேலை தர முடியாதென்று கூறினார், நான் தொடர்ந்தும் வேலை செய்ய ஆயத்தமாக இருக்கிறேன். நாலு வரி போதும், அழகான தமிழ் தேவையில்லை. தபாற் சிட்டையையும் கடிதத்தின் பிரதியையும் ஒன்றாகக் குத்தி வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் விசாரணை அதிகாரியின் முன்னால் இந்த நாலு வரி, சாட்சிக்கு வர அஞ்சும் நாலு நண்பர்களைவிடப் பெரிதாக நிற்கும்.

குற்றம் சாட்டி நிறுத்துவதாக இருந்தால் வேறு விதி. இதே சட்டம், ஒழுக்காற்று நடவடிக்கையாக ஒருவரை நிறுத்தும் முதலாளி, நிறுத்திய நாளுக்குப் பின்வரும் இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் அதற்கான காரணங்களை எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்கிறது. கடை மூடும் காலத்தில் திடீரென்று காசு குறைகிறது, இருப்புக் குறைகிறது என்ற பேச்சு எழுந்தால், அதை எழுத்தில் தரும்படி கேட்பதுதான் பதில்.

பணிக்கொடை: ஆண்டுகளை எண்ணும் முறை

இனிக் கணக்குக்கு வருவோம். பணிக்கொடையை ஆள்வது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். வேலை முடிந்த நாளுக்கு முந்திய 12 மாதங்களில் ஏதாவது ஒரு நாளிலாவது 15 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்த நிறுவனத்தில், குறைந்தது ஐந்து ஆண்டுகள் சேவையை முடித்தவருக்கு இது உரியது. மேலே சொன்ன நிறுத்தற் சட்டத்தில் ஆறு மாதச் சராசரி, இங்கே ஏதாவது ஒரு நாள் என்பதைக் கவனியுங்கள். இரண்டுக்கும் 15 என்ற எண் பொது என்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். விலகினாலும் விலக்கப்பட்டாலும், ஓய்வு பெற்றாலும் இறந்தாலும் பணிக்கொடை உண்டு. ஆகவே இதை முதலாளி தரும் தயவாக எண்ணி நன்றி சொல்ல வேண்டியதில்லை.

மாதச் சம்பளக்காரருக்கு, முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் கடைசியாகப் பெற்ற மாதச் சம்பளத்தின் அரைப் பங்கு. நாட்கூலிக்கோ துண்டு வேலைக்கோ இருப்பவருக்கு, ஒவ்வொரு ஆண்டுக்கும் 14 நாள் சம்பளம். நம் காசாளர் 2018 மார்ச் முதல் 2025 ஒக்டோபர் வரை வேலை செய்தது ஏழு ஆண்டும் எட்டு மாதமும். எட்டு மாதம் கணக்கில் வராது, முடித்த ஆண்டுகள் ஏழு மட்டுமே. 45,000இன் பாதி 22,500, அதை ஏழால் பெருக்கினால் 157,500. முதலாளியின் தாளில் இந்த வரி சரியாகவே இருக்கிறது. வரவுக் கொடுப்பனவான 5,000 சேர்க்கப்படவில்லையே என்று கேட்கலாம். இந்தச் சட்டத்தில் சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளம், வாழ்க்கைச் செலவுப் படி, அதையொத்த படிகள் என்பனவே. வரவுக்கு ஏற்பக் கூடிக் குறையும் ஊக்கத் தொகையைச் சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்று வாதாடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மாறாக, மாதாமாதம் மாறாமல் வரும் ஒரு தொகைக்கு வெறும் பெயருக்கு "ஊக்கம்" என்று தலைப்பிட்டிருந்தால், கேட்டுப் பார்க்க வேண்டும்.

முடித்த ஆண்டுகள்தான் கணக்கு என்பதால் திகதி முக்கியம். நாலு ஆண்டும் பதினொரு மாதமும் வேலை செய்துவிட்டுத் தானாக விலகுபவருக்கு இந்தச் சட்டத்தின் கீழ் ஒன்றும் இல்லை. ஒரு மாதம் பொறுத்திருந்தால் இரண்டரை மாதச் சம்பளம் கிடைத்திருக்கும். விலகுவதென்று முடிவு செய்தவர்கள் முதலில் நியமனக் கடிதத்தை எடுத்துச் சேர்ந்த திகதியைப் பார்த்துவிட்டுத்தான் கடைசி நாளைக் குறிக்க வேண்டும்.

பணிக்கொடை வேலை முடிந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் கொடுக்கப்பட வேண்டும். தாமதித்தால் முதலாளி மேலதிகக் கட்டணமும் சேர்த்துத் தர வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்படாத தாமதத்துக்கு 10 வீதத்தில் ஆரம்பித்து, மூன்று முதல் ஆறு மாதத் தாமதத்துக்கு 20 வீதமாகி, ஒரு வருடத்தைத் தாண்டினால் 30 வீதம் வரை அது ஏறும். 157,500 ரூபாவை நாலு மாதம் பிந்திக் கொடுத்தால் 31,500 ரூபா கூடும். "அடுத்த மாதம் பாப்பம்" என்று இழுக்கும் முதலாளியிடம் இந்த எண்ணைப் பணிவாகச் சொல்வதே பல வேளைகளில் போதுமாக இருந்திருக்கிறது.

பணிக்கொடையில் கை வைக்கக்கூடிய காரணங்களையும் சட்டமே சொல்லிவிடுகிறது. மோசடி, பணக் கையாடல், சொத்துக்கு வேண்டுமென்றே சேதம் விளைவித்தல் போன்றவற்றுக்காக ஒருவர் நிறுத்தப்பட்டால், விளைந்த நட்டத்தின் அளவுக்கு மட்டும் அதைப் பிடித்துக்கொள்ளலாம். முன்னறிவித்தல் தராமல் போனார், போட்டிக் கடையில் சேர்ந்தார் என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் இல்லை.

தாளில் இல்லாத வரி

இப்போது அந்தப் பெரிய தொகை. ஆணையாளர் நாயகம் இழப்பீட்டைத் தீர்மானிக்கும்போது வர்த்தமானியில் வெளியான சூத்திரத்தைப் பயன்படுத்துவார். முதல் ஐந்து ஆண்டுச் சேவையில் ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டரை மாதச் சம்பளம். ஆறாம் ஆண்டு முதல் பதினான்காம் ஆண்டு வரை ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு மாதச் சம்பளம். அதற்குப் பின் விகிதம் படிப்படியாக இறங்கும். மொத்தம் 48 மாதச் சம்பளத்தைத் தாண்டாது. ரூபாவிலும் ஓர் உச்ச எல்லை உண்டு. அது முன்பு 12 இலட்சத்து 50 ஆயிரமாக இருந்து, 2021இல் 25 இலட்சமாக உயர்த்தப்பட்டது.

ஏழு ஆண்டுச் சேவைக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். முதல் ஐந்து ஆண்டுக்குப் பன்னிரண்டரை மாதம், ஆறாம் ஏழாம் ஆண்டுகளுக்கு நாலு மாதம், ஆகப் பதினாறரை மாதச் சம்பளம். 45,000ஆல் பெருக்கினால் 742,500 ரூபா. இது பணிக்கொடைக்குப் பதிலாக வருவதல்ல, அதற்கு மேலாக வருவது. இரண்டும் சேர்ந்து ஒன்பது இலட்சம். முதலாளியின் தாளில் இந்த இடத்தில் இருந்ததோ நல்லெண்ணக் கொடுப்பனவு என்ற பெயரில் 45,000. மற்ற வரிகள் எல்லாம் நேர்மையாக எழுதப்பட்டிருந்ததால்தான் இந்த வரியைச் சந்தேகிக்கத் தோன்றுவதில்லை.

இங்கே ஒரு விடயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். சூத்திரம் கட்டாயமாவது ஆணையாளர் நாயகத்திடம் போகும்போதுதான். ஊழியர் எழுத்தில் சம்மதித்தால், சம்மதித்த தொகைக்கே வேலை முடியும். விசாரணைக்கு மாதங்கள் செல்லலாம், இடையில் முதலாளி உண்மையிலேயே நொடித்தும் போகலாம். ஆகவே ஏழரை இலட்சத்துக்குப் பதில் நாலோ ஐந்தோ இலட்சத்தைக் கையில் வாங்கிக்கொண்டு போவதென்று ஒருவர் தீர்மானித்தால் அது முட்டாள்தனம் என்று நான் சொல்லமாட்டேன். வீட்டு நிலைமை அவரவருக்குத்தான் தெரியும். எண்ணைத் தெரிந்துகொண்டு பேரம் பேசுவதும், தெரியாமல் கையெழுத்து வைப்பதும்தான் ஒன்றல்ல. அப்படிச் சம்மதிப்பதாக இருந்தால் கடிதத்தில் "சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்" என்று எழுதக்கூடாது. கடை மூடப்படுவதால், இன்ன தொகையை இழப்பீடாகவும் இன்ன தொகையைப் பணிக்கொடையாகவும் இன்ன திகதிக்குள் பெறுவதற்கு உடன்பட்டு, சேவை முடிவடைவதற்குச் சம்மதிக்கிறேன் என்று உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். காசு காசோலையாக வருமானால், அது வங்கியில் தேறிய பின்னரே சம்மதம் நடைமுறைக்கு வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சிறிய வரிகள்

எடுக்காத லீவு தாளில் இல்லை. கடை, அலுவலக ஊழியருக்கான 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின்படி வருடாந்த லீவு 14 நாட்கள், தற்செயல் லீவு 7 நாட்கள். வருடாந்த லீவு முந்திய ஆண்டு வேலைக்காக அடுத்த ஆண்டில் எடுக்கும் லீவு. அதில் எடுக்காமல் மிஞ்சியதற்குப் பணம் கேட்க வேண்டும். தற்செயல் லீவுக்குப் பணம் இல்லை. நம் காசாளருக்கு 9 நாட்கள் மிச்சம் இருந்தால், 45,000ஐ 30ஆல் பிரித்து வரும் 1,500 ரூபா வீதம் 13,500 ரூபா. லீவுப் பதிவேட்டின் பக்கத்தை வேலையில் இருக்கும்போதே படம் பிடித்து வைத்திருப்பது நல்லது. கடை மூடிய பின் அந்தப் பதிவேடு எங்கே போகுமென்று யாருக்கும் தெரியாது.

முற்பணக் கழிவான 20,000 நியாயமானது. வாங்கிய காசைக் கழித்தால் முறையிட ஒன்றும் இல்லை. ஆக, காசாளர் கேட்கக்கூடிய கணக்கு, கழிவு போன ஒக்டோபர்ச் சம்பளம் 46,400, லீவுக்கு 13,500, பணிக்கொடை 157,500, இழப்பீடு 742,500, இவற்றிலிருந்து முற்பணம் 20,000 நீங்க 939,900 ரூபா. தாளில் எழுதியிருந்தது 228,900.

சேமலாப நிதி இந்தத் தாளுக்குள் வராது

ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்திலிருந்து 8 வீதம் கழிக்கப்படுகிறது, முதலாளி தன் பங்காக 12 வீதம் போடுகிறார். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம் போடுகிறார். இவை ஏற்கெனவே உங்கள் பெயரில் உள்ள பணம். இறுதிக் கணக்கில் சேமலாப நிதியையும் ஒரு வரவாக எழுதி மொத்தத்தைப் பெருப்பித்துக் காட்டினால், அந்த வரியை வெட்டிவிட்டுக் கூட்டிப் பாருங்கள்.

வேலையை விட்டதும் சேமலாப நிதியை எடுக்கலாம் என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக உண்டு. அது பிழை. பொதுவாக ஆணுக்கு 55 வயதும் பெண்ணுக்கு 50 வயதும் நிறைய வேண்டும். திருமணம் காரணமாக வேலையை விடும் பெண், நிரந்தரமாக வெளிநாட்டில் குடியேறுபவர், நிரந்தரமாக இயலாமற் போனவர், ஓய்வூதியமுள்ள அரச வேலையில் சேர்ந்தவர் போன்றோருக்கு விதிவிலக்கு உண்டு. 34 வயதுக் காசாளரின் பணம் கணக்கிலேயே வட்டியோடு இருக்கும். நம்பிக்கைப் பொறுப்பு நிதியை மட்டும் வேலையை விட்டபின் விண்ணப்பித்து எடுக்கலாம். ஒருமுறை எடுத்தால் அடுத்த முறைக்கு ஐந்து ஆண்டுகள் கழிய வேண்டும்.

செய்ய வேண்டியது, காசு போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது. ஒவ்வொரு மாதத்துப் பங்களிப்பும் அடுத்த மாத இறுதிக்குள் கட்டப்பட வேண்டும். அங்கத்தவர் கணக்கு விவரத்தை எடுத்துச் சம்பளச் சிட்டைகளோடு மாதம் மாதமாக ஒப்பிடுங்கள். நம் காசாளருக்கு ஒரு மாதத்துக்கு 3,600உம் 5,400உம் சேர்ந்து 9,000 ரூபா வரவாக இருக்க வேண்டும். நொடிக்கும் கடைகள் முதலில் நிறுத்துவது இந்தக் கட்டணத்தைத்தான். சம்பளத்தில் கழித்துவிட்டுக் கட்டாமல் விடுவார்கள். ஆகவே கடைசி ஒரு வருடத்தை விசேடமாகப் பாருங்கள். சிட்டையில் 45,000 என்றிருக்க, கணக்கில் அதைவிடக் குறைந்த சம்பளத்துக்குப் பணம் வந்திருந்தாலும் முறையிடலாம். இதற்கு ஒரே ஆதாரம் சம்பளச் சிட்டைதான். காகித உறையில் காசை மட்டும் வைத்துக் கொடுக்கும் இடத்தில் வேலை செய்பவர்கள் இன்றைக்கே சிட்டை கேட்கத் தொடங்கட்டும்.

கையெழுத்தும் முறைப்பாடும்

ஒக்டோபர்ச் சம்பளத்தையும் பணிக்கொடையையும் தருகிறோம், "முழுமையாகவும் இறுதியாகவும்" என்ற தாளில் வையுங்கள் என்று வற்புறுத்தினால், அந்த வரியை வெட்டிவிட்டு, பெற்ற ஒவ்வொரு தொகையையும் அதன் பெயரோடு எழுதி, "எனது ஏனைய உரிமைகளுக்குப் பாதிப்பின்றிப் பெற்றுக்கொண்டேன்" என்று கைப்பட எழுதிக் கையெழுத்து வையுங்கள். அதற்கு அவர்கள் இணங்காவிட்டால் காசை வாங்காமல் வருவது நல்லது. பணிக்கொடை எங்கும் ஓடிப்போகாது, தாமதத்துக்கு மேலதிகக் கட்டணமும் ஏறிக்கொண்டிருக்கும். சேவைச் சான்றிதழை மட்டும் எப்படியும் கேட்டு வாங்குங்கள். அதில் சேர்ந்த திகதியும் முடிந்த திகதியும் இருக்க வேண்டும்.

பணிக்கொடை, சம்பள மிகுதி, சேமலாப நிதி ஆகியவற்றுக்கு யாழ்ப்பாணத்திலுள்ள தொழில் திணைக்கள அலுவலகத்தில் எழுத்தில் முறையிடலாம். கட்டணம் இல்லை, சட்டத்தரணி கட்டாயமில்லை. நியமனக் கடிதம், சம்பளச் சிட்டைகள், அடையாள அட்டை, முதலாளி தந்த கணக்குத் தாள், நீங்கள் அனுப்பிய கடிதங்களின் பிரதி என்பவற்றைத் திகதி ஒழுங்கில் அடுக்கிக் கொண்டுபோங்கள். முதலாளியையும் அழைத்து விசாரிப்பார்கள். பணிக்கொடையைக் கட்டச் சொல்லியும் கட்டாவிட்டால், திணைக்களம் நீதவான் நீதிமன்றத்தின் மூலம் அதை அறவிட முடியும். அனுமதியின்றி நிறுத்தியது பற்றிய முறைப்பாட்டைத் தொழில் ஆணையாளர் நாயகத்துக்கு முகவரியிட்டு எழுத வேண்டும். தலைமையகம் கொழும்பு நாரஹேன்பிட்டியில் இருக்கிறது. பதிவுத் தபாலில் அனுப்பி, ஒரு பிரதியை இங்குள்ள அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலாளியிடம் 15 பேர் இல்லையென்றால் வழி தொழில் நியாய சபை. நிறுத்தம் நியாயமற்றது என்றும், பணிக்கொடை தரப்படவில்லை என்றும் அங்கே விண்ணப்பிக்கலாம். சூத்திரம் அங்கே கட்டாயமில்லை, நியாயமும் ஒப்புரவும் பார்த்துச் சபை தீர்மானிக்கும் தொகைதான். விண்ணப்பத்தை எழுத ஒரு சட்டத்தரணி இருப்பது நல்லது, யாழ்ப்பாணத்தில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் வசதி குறைந்தவர்கள் உதவி கேட்கலாம்.

நியாய சபைக்கான விண்ணப்பத்துக்கும், ஆணையாளர் நாயகத்துக்கான முறைப்பாட்டுக்கும் காலவரை வேலை முடிந்த நாளிலிருந்து ஆறு மாதம். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது என்பது இந்த நாட்களை நிறுத்தி வைக்காது. "தைப்பொங்கல் கழியட்டும், வருடப் பிறப்புக் கழியட்டும்" என்று நல்ல வார்த்தை சொல்லியே ஆறு மாதத்தையும் கடத்திவிட்ட முதலாளிகளை நான் கண்டிருக்கிறேன். 2025 ஒக்டோபர் 31ஆம் திகதி வேலை முடிந்த நம் காசாளர், 2026 ஏப்ரல் முடிவைக் காத்திருக்காமல், பங்குனிக்கு முன்னதாகவே தன் முறைப்பாட்டைக் கொடுத்துவிட வேண்டும்.